மடக்கையிலிருந்து திரும்பும் வழியில் தொலையும் சராசரி

10, 100, 1000 என்று மூன்று எண்களை எடுத்துக்கொள்வோம். அடுத்த மாத விற்பனை இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும், மூன்றுக்கும் சமவாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பத்தடிமான மடக்கை எடுத்தால் இவை 1, 2, 3 ஆகிவிடும். அவற்றின் சராசரி 2. அதைப் பழைய அளவுக்குத் திருப்பினால் 100 கிடைக்கும். ஆனால் மூல எண்களின் சராசரி 370. கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. மடக்கை எடுத்தோம், சராசரி பார்த்தோம், திரும்பி வந்தோம். வந்து சேர்ந்த இடம்தான் வேறு.

மடக்கையில் மாதிரி கட்டி முன்கணிக்கிற எல்லாக் கணக்குகளிலும் இது நடக்கிறது. சில இடங்களில் விளைவு கண்ணுக்கே தெரியாது. வேறு சில இடங்களில் ஆண்டு மொத்தத்தில் பத்திலொரு பங்கு காணாமல் போகும். எங்கே எவ்வளவு போகிறது, எப்போது அதைச் சரிசெய்ய வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில், எதற்காக மாற்றுகிறோம்? காலத்தொடர் படித்தவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு தரவு இருக்கிறது: 1949 முதல் 1960 வரையிலான மாதாந்திர விமானப் பயணிகள் எண்ணிக்கை, ஆயிரங்களில். 1949-ல் மிகக் குறைந்த மாதம் 104, மிக அதிகமான மாதம் 148. இடைவெளி 44. 1960-ல் குறைந்தது 390, அதிகம் 622. இடைவெளி 232. தொடரின் மட்டம் ஏற ஏற, அதன் ஏற்ற இறக்கமும் கூடவே வளர்கிறது. பெரும்பாலான மாதிரிகள் ஏற்ற இறக்கத்தின் அளவு ஆரம்பம் முதல் கடைசி வரை ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் என்று நம்பித்தான் வேலை செய்கின்றன. அப்படி இல்லாதபோது, பழைய ஆண்டுகளின் அமைதியும் புதிய ஆண்டுகளின் ஆட்டமும் ஒன்றாகக் கலந்து, இரண்டுக்கும் பொருந்தாத ஒரு நடுத்தர அளவு கிடைக்கும். எதிர்கால மதிப்பு எந்த எல்லைகளுக்குள் விழும் என்று முன்கணிப்பு சொல்லும் இடைவெளிகள் அதனால் தப்பாகும்.

மடக்கை எடுத்தால் இடைவெளிகள் விகிதங்களாக மாறும். 148-ஐ 104-ஆல் வகுத்தால் 1.42, 622-ஐ 390-ஆல் வகுத்தால் 1.59. ஐந்து மடங்குக்கு மேல் விரிந்திருந்த வித்தியாசம் இப்போது கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. முழுக்கச் சமமாகவில்லை என்பதையும் கவனியுங்கள். விகிதமும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

1964-ல் ஜார்ஜ் பாக்ஸும் டேவிட் காக்ஸும் வெளியிட்ட கட்டுரை, மடக்கையையும் அடுக்குகளையும் ஒரே குடும்பத்தில் சேர்த்தது:

```
w = (y^λ − 1) / λ     λ ≠ 0 எனில்
w = log(y)            λ = 0 எனில்
```

λ = 1 என்றால் தொடரின் வடிவம் மாறுவதில்லை. 0.5 என்றால் அது வர்க்கமூலம். 0 என்றால் மடக்கை. λ குறையக் குறைய, பெரிய எண்கள் மேலும் மேலும் அமுக்கப்படும். தொடரின் திட்ட விலக்கம் மட்டத்தோடு எப்படி வளர்கிறது என்பதுதான் λ-வைத் தீர்மானிக்கிறது. மட்டத்துக்கு நேர்விகிதத்தில் வளர்ந்தால் மடக்கை போதும். மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்றால் வர்க்கமூலம் போதும். தொடரைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பார்த்து, அவற்றுக்கிடையிலான உறவு தட்டையாகிற λ-வைத் தேடும் முறையை 1993-ல் குரேரோ முன்வைத்தார். R மொழியின் `BoxCox.lambda` கட்டளை இயல்பாக அதைத்தான் செய்கிறது.

விமானப் பயணிகள் தரவுக்கு அந்தக் கட்டளை தரும் விடை −0.29 அளவில் இருக்கும். 1.42, 1.59 ஆக வளர்ந்ததற்கு அர்த்தம் இதுதான்: மடக்கைகூட முழுதாக அமுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் அமுக்கு என்கிறது கணக்கு. நான் அந்தப் பேச்சைக் கேட்க மாட்டேன். λ சுழியத்துக்குக் கீழே போனால் w-க்கு ஒரு கூரை வந்துவிடும். −1/λ என்பதைத் தாண்டி அதனால் போக முடியாது. மாதிரிக்கு அந்தக் கூரை தெரியாது. நீண்ட கால முன்கணிப்பில் இடைவெளியின் மேல்முனை அதைத் தாண்டினால், திருப்பி மாற்ற எண்ணே இருக்காது. மடக்கையோடு நின்றுகொள்வது இங்கே பாதுகாப்பு. அதற்கு இன்னொரு லாபமும் உண்டு: மடக்கையில் வரும் மாற்றத்தை விழுக்காடாக வாசிக்கலாம். λ = −0.29-ல் வரும் மாற்றத்தை யாருக்கும் விளக்க முடியாது.

சரி, இப்போது திரும்பி வரும் வழிக்கு வருவோம்.

மடக்கை எண்களின் வரிசையை மாற்றுவதில்லை. பெரியது பெரியதாகவே இருக்கும், சிறியது சிறியதாகவே இருக்கும். அதனால் வரிசையை நம்பி நிற்கும் எந்த அளவும் சேதமில்லாமல் திரும்பி வரும். பாதி வாய்ப்பு மேலே, பாதி வாய்ப்பு கீழே என்று பிரிக்கும் இடைநிலை அப்படிப்பட்டது. 95% இடைவெளியின் இரண்டு முனைகளும் அப்படிப்பட்டவையே. சராசரி வரிசையை நம்பி நிற்பதில்லை. தூரத்தை நம்பி நிற்கிறது. மடக்கை தூரங்களைத்தான் மாற்றுகிறது. மேல்பக்கத்து நீண்ட வாலைச் சுருக்கிவைத்து நாம் சராசரி எடுக்கிறோம். திரும்பும்போது வால் மறுபடி நீள்கிறது, நாம் எடுத்த சராசரிக்கு அது தெரியாது. இதன் பொதுவடிவம் யென்சன் சமனின்மை. அடுக்குக்குறி வளைவு மேல்நோக்கி வளைவதால், திருப்பிய எண் எப்போதும் உண்மைச் சராசரிக்குக் கீழேதான் இருக்கும், மேலே போகாது.

மடக்கையில் முன்கணிப்பு இயல்நிலைப் பரவலில், சராசரி μ, திட்ட விலக்கம் σ என்று இருந்தால் விடை கச்சிதமானது:

```
இடைநிலை = exp(μ)
சராசரி   = exp(μ + σ²/2)
```

வர்க்கமூல மாற்றத்துக்கு இன்னும் எளிது. √y-இன் சராசரி μ, பரவற்படி σ² என்றால் y-இன் சராசரி μ² + σ². இதற்கு இயல்நிலைகூடத் தேவையில்லை, பரவற்படியின் வரையறையிலிருந்தே வந்துவிடுகிறது. மற்ற λ-க்களுக்குத் தோராயச் சூத்திரம் இருக்கிறது:

```
(λμ + 1)^(1/λ) · [ 1 + σ²(1 − λ) / (2(λμ + 1)²) ]
```

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பொருளின் மாதத் தேவையை இயல் மடக்கையில் முன்கணிக்கிறோம்; μ = 6, σ = 0.5 என்று வருகிறது. exp(6) = 403. சராசரி exp(6.125) = 457. வித்தியாசம் 13.3%. ஒரே ஒரு மாதத்தைப் பார்க்கும்போது இந்த 54 பெரிதாகத் தெரியாது. அந்த மாதத்தின் 95% இடைவெளியே 151-லிருந்து 1075 வரை விரிந்து கிடக்கிறது. ஆனால் இதே பரவல் பன்னிரண்டு மாதங்களுக்கும் பொருந்தும் என்று வைத்து ஆண்டுக்குக் கூட்டுங்கள். 403-ஐக் கூட்டினால் 4841. 457-ஐக் கூட்டினால் 5486. 645 அலகு இடைவெளி.

அந்த 645 நிஜம். சராசரிகளைக் கூட்டினால் மொத்தத்தின் சராசரி கிடைக்கும், மாதங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்தாலும்கூட. இடைநிலைகளுக்கு அந்தக் குணம் இல்லை. கிளைவாரியாக மடக்கையில் முன்கணித்து நிறுவன மொத்தத்துக்குக் கூட்டும்போதும், நாள்வாரியாகக் கணித்து மாதத்துக்குக் கூட்டும்போதும் பற்றாக்குறை தலைகாட்டுவது இதனால்தான். கிளைகள் தனித்தனியே நன்றாகத்தான் இருக்கும். மொத்தம் மட்டும் எல்லாக் காலாண்டிலும் ஒரே பக்கமாகக் குறையும்.

அப்படியானால் எப்போதும் திருத்திவிடலாமா? இல்லை. எந்த எண் வேண்டும் என்பது அந்த எண்ணை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன கணக்கிலேயே மூன்று விடைகள் இருக்கின்றன. பிழைகளின் வர்க்கத்தைக் குறைக்க வேண்டுமென்றால் சராசரி, அதாவது 457. பிழைகளின் தனிமதிப்பைக் குறைக்க வேண்டுமென்றால் இடைநிலை, 403. பலர் அறிக்கையில் போடும் விழுக்காட்டுப் பிழையைக் குறைக்க வேண்டுமென்றால் சரியான விடை exp(μ − σ²), அதாவது 314. காரணம், அந்த அளவுகோல் உண்மை மதிப்பால் வகுக்கிறது. உண்மை சிறியதாக இருக்கும்போது நாம் அதிகமாகச் சொல்லியிருந்தால் தண்டனை கடுமையாக விழுகிறது, அதனால் கீழே சொல்பவருக்கே பரிசு. மொத்தத்துக்குக் கூட்டப்போகிற ஒரு முன்கணிப்பை விழுக்காட்டுப் பிழையால் தேர்ந்தெடுப்பது, பற்றாக்குறையை விரும்பி வாங்குவது மாதிரி. திருத்திய முன்கணிப்பை அந்த அளவுகோலில் போட்டுப் பார்த்து, பிழை கூடிவிட்டது, திருத்தம் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அங்கே தவறிப்போனது அளவுகோல்.

அடுத்த கேள்வி அளவு. σ = 0.1 என்றால் திருத்தம் 0.5% மட்டுமே. 0.3 என்றால் 4.6%. 0.5-ல் 13.3%. 1-ல் 65%. பாடப்புத்தகங்களில் மேற்கோள் காட்டப்படும் விமானப் பயணிகள் மாதிரியில், மடக்கை அளவில் எச்சங்களின், அதாவது உண்மைக்கும் மாதிரி பொருத்திய மதிப்புக்கும் உள்ள வித்தியாசங்களின், பரவற்படி சுமார் 0.00135. அடுத்த மாதத்துக்கான திருத்தம் 0.07%, பன்னிரண்டாவது மாதத்துக்குக்கூட 0.33% அளவில்தான் வரும். ஐந்நூறு ஆயிரம் பயணிகளில் ஒன்றரை ஆயிரம். இந்தத் தரவை வைத்தே மடக்கை மாற்றத்தைக் கற்பதால், திருத்தம் என்ற ஒன்று தேவையே இல்லை என்ற எண்ணம் பலருக்கு ஆழமாகப் பதிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். அவ்வளவு ஒழுங்கான தொடர் வேலையில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

பன்னிரண்டாவது மாதத்துக்குத் தனி எண் சொன்னேன் அல்லவா, அங்கேதான் அடிக்கடி நடக்கும் பிழை ஒளிந்திருக்கிறது. சூத்திரத்தில் வரும் σ² எச்சங்களின் பரவற்படி அல்ல. அந்தந்த மாதத்துக்கான முன்கணிப்பின் பரவற்படி. தூரம் கூடக் கூட அது வளரும். மடக்கையில் தற்போக்கு நடையாக, அதாவது ஒவ்வொரு மாதமும் முந்தைய மதிப்பிலிருந்து தற்செயலாக ஓர் அடி நகர்ந்து, போகிற ஒரு தொடரில் மாத σ = 0.15 என்று வையுங்கள். முதல் மாதத் திருத்தம் 1.1%. பன்னிரண்டாவது மாதத்தில் பரவற்படி பன்னிரண்டு மடங்கு, திருத்தம் 14.5%. முப்பத்தாறாவது மாதத்தில் 50%. எச்சங்களின் பரவற்படியை எடுத்து எல்லா மாதத்தையும் ஒரே 1.011-ஆல் பெருக்கிவிட்டால், திருத்தம் செய்ததாகப் பெயர்தான் மிஞ்சும்.

அதே உதாரணத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தொடரில் போக்கு எதுவும் இல்லை. இடைநிலை முப்பத்தாறு மாதமும் ஒரே கோட்டில் நிற்கிறது. சராசரியோ ஒன்றரை மடங்குக்கு ஏறிவிடுகிறது. படத்தில் பார்ப்பவருக்கு அது வளர்ச்சிபோலத் தோன்றும். உண்மையில் அங்கே வளர்ந்தது நமது நிச்சயமின்மை மட்டும்தான். மேல்பக்கத்துக்கு எல்லை இல்லை, கீழ்ப்பக்கம் சுழியத்தில் நின்றுவிடும். அதனால் நிச்சயமின்மை விரிய விரிய சராசரி மேலே இழுக்கப்படுகிறது. கணிதப்படி சரி, ஆனால் அந்த 50% முழுக்க மாதிரியின் தோளில் நிற்கிறது. தொடர் உண்மையில் ஒரு மட்டத்துக்குத் திரும்பி வரும் குணமுள்ளது என்றால் பரவற்படி அப்படி வளராது, திருத்தமும் ஓரிடத்தில் நின்றுவிடும். இரண்டு மாதிரிகளும் அடுத்த மாதத்தைக் கிட்டத்தட்ட ஒன்றாகக் கணிக்கலாம். மூன்றாண்டுக்கு அப்பால் அவற்றின் சராசரிகள் ஒன்றையொன்று பார்க்காது. நீண்ட தூர முன்கணிப்பில் திருத்தம் 20% தாண்டினால், அதை வெளியிடுவதற்கு முன் σ²-ஐத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

மென்பொருள் என்ன தருகிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு பழக்கம் வைத்திருக்கிறது. R-இன் `forecast` தொகுப்பில் இயல்பாக வருவது இடைநிலை. சராசரி வேண்டுமென்றால் கேட்க வேண்டும்:

```
library(forecast)
fit <- auto.arima(y, lambda = 0)
forecast(fit, h = 12)                  # இடைநிலை
forecast(fit, h = 12, biasadj = TRUE)  # சராசரி
```

அதன் பிறகு வந்த `fable` தொகுப்பு நேர்மாறு: மாதிரியின் சூத்திரத்துக்குள்ளேயே `log(y)` என்று எழுதினால், `.mean` என்ற நெடுவரிசையில் திருத்திய சராசரியே வரும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறியவர்களுக்கு அதே தரவில் எண்கள் திடீரென உயர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மடக்கையை வெளியே எடுத்துவிட்டு, `log_y` என்று ஒரு புதிய நெடுவரிசையைக் கொடுத்தால் இரண்டு தொகுப்புக்கும் நாம் மாற்றம் செய்ததே தெரியாது. திருத்தமும் நம் பொறுப்பு.

இன்னொன்று. `biasadj` பயன்படுத்துவது மேலே சொன்ன தோராயச் சூத்திரத்தை. மடக்கைக்கு அது exp(μ)(1 + σ²/2) ஆகிறது. σ = 0.5-ல் அது 1.125 மடங்கு, கச்சிதமான விடை 1.133 மடங்கு, பரவாயில்லை. σ = 1-ல் 1.5-க்கும் 1.65-க்கும் உள்ள இடைவெளியைப் புறக்கணிக்க முடியாது. அங்கே exp(σ²/2)-ஐ நாமே போட்டுக்கொள்வது நல்லது. இடைவெளி முனைகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திருத்தக் கூடாது. அவை வரிசையை நம்பி நிற்பவை, ஏற்கெனவே சரியாகத்தான் திரும்பி வந்திருக்கின்றன.

இதுவரை சொன்ன மடக்கைக் கணக்கெல்லாம் மடக்கையில் பிழைகள் இயல்நிலைப் பரவலில் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அது பொய்த்தால்? 1983-ல் டுவான் ஒரு எளிய வழி சொன்னார்: எச்சங்களையே கேளுங்கள். ஒவ்வொரு எச்சத்துக்கும் exp எடுத்து, அவற்றின் சராசரியைக் கண்டுபிடித்து, அதையே பெருக்கும் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். கையால் போட்டுப் பார்க்க ஐந்து எச்சங்கள்: −0.7, −0.3, 0, 0.2, 0.8. அவற்றின் exp மதிப்புகள் 0.497, 0.741, 1, 1.221, 2.226. சராசரி 1.137. இதே எச்சங்களின் பரவற்படி 0.252, சூத்திரப்படி exp(0.126) = 1.134. இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆகவே எதைப் பயன்படுத்தினாலும் ஒன்றுதான். இரண்டும் வெகுவாக விலகினால், பெரும்பாலும் ஓரிரண்டு பெரிய எச்சங்கள் எல்லாவற்றையும் இழுக்கின்றன என்று பொருள். திருத்துவதற்கு முன் அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று போய்ப் பார்க்க வேண்டும். டுவானின் எண் ஒரு படி முன்னோக்கிய கணிப்புக்கு மட்டுமே நேராகப் பொருந்தும். பல மாதத் தூரத்துக்கு, எச்சங்களைக் குலுக்கி எடுத்து ஆயிரக்கணக்கான எதிர்காலப் பாதைகளை உருவாக்கி, ஒவ்வொன்றையும் மூல அளவுக்குத் திருப்பியபின் சராசரி எடுக்கலாம். ஆண்டு மொத்தத்துக்கு இடைவெளி வேண்டுமென்றாலும் இதுவே வழி. மாத இடைவெளிகளின் முனைகளைக் கூட்டுவது சரிவராது.

தொடரில் சுழியங்கள் இருந்தால் மடக்கையே எடுக்க முடியாது. எல்லாவற்றிலும் 1-ஐக் கூட்டி மடக்கை எடுப்பது வழக்கம். மதிப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது அது தீங்கில்லாதது. 0, 1, 2, 3 என்று ஓடும் தொடரில் அந்த 1-தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், 1-க்குப் பதில் 0.1 கூட்டினால் விடையும் மாறும். அங்கே மாற்றத்தை விட்டுவிட்டு எண்ணிக்கைகளுக்கென்றே உள்ள மாதிரிகளுக்குப் போவதே உத்தமம்.

கடைசியாக, கையில் இருக்கும் முன்கணிப்பு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாரோ எழுதிவைத்த நிரல், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது என்றாலும் கண்டுபிடிக்கலாம். ஒதுக்கிவைத்த காலத்தின் உண்மை மதிப்புகளை எடுத்து இரண்டு கணக்குப் போடுங்கள். ஒன்று, எத்தனை முறை உண்மை முன்கணிப்பைத் தாண்டியது. இரண்டு, உண்மையின் மொத்தத்தை முன்கணிப்பின் மொத்தத்தால் வகுத்தால் என்ன வருகிறது. ஏறத்தாழப் பாதி முறை தாண்டியிருந்து, விகிதம் ஒன்றைவிடக் கூடுதலாக, exp(σ²/2)-க்குப் பக்கத்தில் வந்தால் அது திருத்தாத இடைநிலை. விகிதம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்து, தாண்டிய முறைகள் பாதிக்குக் குறைவாக இருந்தால் அது சராசரி. σ = 0.5 என்றால் நாற்பது விழுக்காடு முறைதான் உண்மை மேலே போகும். இரண்டு கணக்கும் ஒரே பக்கம் காட்டினால், அதாவது எழுபது விழுக்காடு முறை உண்மை தாண்டியிருந்து முன்கணிப்பின் மொத்தமும் குறைந்தால், அது மாதிரியின் மட்டமோ போக்கோ தவறியதன் அடையாளம். அதை எந்த exp(σ²/2)-உம் சரிசெய்யாது. பெருக்கி மறைத்தால் அடுத்த ஆண்டு வேறு உருவில் திரும்பி வரும்.

இந்தச் சோதனைக்குப் பன்னிரண்டு மாதம் போதாது. பன்னிரண்டில் ஐந்து தாண்டியதா ஏழு தாண்டியதா என்பது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். தொடக்கப் புள்ளியை ஒவ்வொரு மாதமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் மாதிரியைப் புதிதாகப் பொருத்தி, ஒரே தூரத்துக்கான முன்கணிப்புகளை ஒன்றாகச் சேர்த்து எண்ண வேண்டும். ஒரு மாதத் தூரத்துக்கு ஒரு விகிதம், ஆறு மாதத் தூரத்துக்கு ஒரு விகிதம், பன்னிரண்டுக்கு ஒன்று. மாதிரி சொல்லும் σ² சரியென்றால், திருத்தாத முன்கணிப்புகளின் விகிதங்கள் தூரத்தோடு சேர்ந்து exp(σ²/2) ஏறும் வேகத்திலேயே ஏறும்.